மிளகாய்ச் செடி இலை சுருண்டு போச்சு, படம் போட்டிருக்கேன், என்ன செய்யலாம்?

மல்லிகா_வடவள்ளி (ஆகஸ்ட் 9, காலை 7.40)
வணக்கம். கோயம்புத்தூர்ல மாடியில 12 அங்குல குரோ பேக்ல அஞ்சு மிளகாய்ச் செடி வச்சிருக்கேன். நாத்து நட்டு 70 நாள் ஆச்சு. ரெண்டு தடவை காய் பறிச்சாச்சு. பத்து நாளா கொழுந்து எல்லாம் சுருண்டு, செடி அப்படியே நின்னுபோச்சு. வாரம் ஒரு தடவை கடலைப் புண்ணாக்கு கரைசல் ரெண்டு டம்ளர் ஊத்துறேன். மண்ணு, தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூணும் சம அளவு. படம் கீழே. என்ன மருந்து அடிக்கணும்?

ரவி_மாடித்தோட்டம் (காலை 8.05)
வைரஸ் மேடம். பார்த்தாலே தெரியுது. இதுக்கு மருந்தே கிடையாது. அஞ்சையும் பிடுங்கி எரிச்சிடுங்க, இல்லன்னா தக்காளிக்கும் பரவும்.

பாக்கியம்_கரூர் (காலை 8.30)
அவசரப்படாதே கண்ணு. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் மூணையும் அரைச்சு வடிகட்டி, லிட்டருக்கு 30 மில்லி கலந்து அடி. புளிச்ச மோரும் அடிக்கலாம். எல்லாச் சுருட்டையும் ஓடிடும்.

திருநாவு_78 (காலை 8.52)
பூ உதிர்வதற்கு லிட்டருக்கு ஒரு சிட்டிகை பெருங்காயம் கரைத்து வேரில் ஊற்றவும். நல்ல பலன்.

மல்லிகா_வடவள்ளி (காலை 8.58)
ஐயா, பூ உதிரலைங்க. இலைதான் சுருளுது.

செந்தில்_நாற்றங்கால் (காலை 10.15)
மல்லிகாக்கா, இன்னைக்கு எதையும் அடிக்காதீங்க, பிடுங்கவும் வேண்டாம். மிளகாய்ல கொழுந்து சுருள்றதுக்கு மூணு முக்கியமான காரணம் இருக்கு: இலைப்பேன், முரணைச் சிலந்தி, வெள்ளை ஈ கொண்டு வர்ற வைரஸ். மூணுக்கும் வைத்தியம் வேற வேற. ஒண்ணுக்கு அடிக்கிற மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது. உங்க படம் செடிக்கு நேர் மேலே இருந்து எடுத்தது. அதுல இலை சுருண்டிருக்குன்னு மட்டும்தான் தெரியுது, எந்தப் பக்கமா சுருண்டிருக்குன்னு தெரியல. நமக்கு வேண்டியது அதுதான்.

இதைப் பார்த்துச் சொல்லுங்க. ஒவ்வொரு செடியையும் தனித்தனியா பாருங்க, அஞ்சுக்கும் சேர்த்து ஒரே பதில் வேண்டாம்.

இலை ஓரம் மேல்நோக்கி மடிஞ்சு படகு மாதிரி இருக்கா, இல்ல கீழ்நோக்கி வளைஞ்சு கவுத்து வச்ச கிண்ணம் மாதிரி இருக்கா?

இலைக்காம்பு வழக்கத்தை விட நீளமா, மெலிசா போயிருக்கா? கீழ இருக்கிற பழைய இலையோட வச்சு அளந்து பாருங்க.

கொழுந்துக்குக் கீழ ஒரு வெள்ளைத் தாளைப் பிடிச்சு விரலால நாலு தட்டு தட்டுங்க. பூவையும் அதே மாதிரி தட்டுங்க. அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்க, ஏதாவது நகருதா? என்ன நிறம், எவ்வளவு நீளம்?

செடியை லேசா அசைச்சா வெள்ளையா பொடி மாதிரி ஏதாவது பறக்குதா?

இலை நரம்பு மஞ்சளா இருக்கா? கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, செடி குத்துச்செடி மாதிரி ஆகியிருக்கா?

கடைசியா, எந்தப் பை வெயில்ல இருக்கு, எது நிழல்ல இருக்கு, மழை எது மேல விழுது? இது எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

இதுக்கு நடுவுல செய்யக்கூடியது மூணே மூணு. பைகளை ஒண்ணோட ஒண்ணு இலை உரசாத அளவுக்குத் தள்ளி வைங்க, ரெண்டடி போதும். புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்க. சுருண்ட செடியைத் தொட்ட கையோட நல்ல செடியைத் தொடாதீங்க, கையைக் கழுவிட்டுப் போங்க.

ரவி_மாடித்தோட்டம் (காலை 10.31)
அண்ணா, புண்ணாக்கு இயற்கை உரம்தானே? அதை ஏன் நிறுத்தணும்?

செந்தில்_நாற்றங்கால் (காலை 10.50)
இயற்கைதான், ஆனா அதுல தழைச்சத்து அதிகம். பன்னிரண்டு அங்குலப் பையில வாராவாரம் ரெண்டு டம்ளர்னா கொழுந்து ரொம்ப இளசா, சாறு நிறைஞ்சு வரும். உறிஞ்சுற பூச்சிக்கு அதுதான் விருந்து. மூணு வாரம் நிறுத்தினா செடி ஒண்ணும் பட்டினி கிடக்காது, மண்புழு உரமே போதும்.

ஹசீனா_நாகூர் (காலை 11.20)
எங்க எலுமிச்சைலயும் இதே பிரச்சனைதான். இலை சுருண்டு, மேல வெள்ளிக்கோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. இதுக்கும் இதே கேள்விகள்தானா?

செந்தில்_நாற்றங்கால் (காலை 11.34)
இல்லைங்க, அது வேற. வெள்ளிக்கோடு வளைஞ்சு ஓடினா இலைக்குள்ள புழு சுரங்கம் போட்டிருக்குன்னு அர்த்தம். அந்தக் கொழுந்தை மட்டும் கிள்ளிப் போடுங்க. தனி இழை போடுங்க, இங்க கலந்துபோயிடும்.

மல்லிகா_வடவள்ளி (மாலை 5.45)
எல்லாம் பார்த்தேன் தம்பி. புதுப் படங்களும் போட்டிருக்கேன்.

1, 2: இலை கீழ்நோக்கி வளைஞ்சிருக்கு. அகலம் குறைஞ்சு நாடா மாதிரி ஆயிடுச்சு, நிறம் கரும்பச்சை. காம்பு ரொம்ப நீளம், கீழ் இலையோட காம்பு மாதிரி ரெண்டு மடங்கு. தாள்ல ஒண்ணுமே விழல. ரெண்டும் திறந்த வெளியில இருக்கு, சாரல் நல்லா படும்.

3: பார்க்க நல்லாத்தான் இருக்கு. 2க்குப் பக்கத்துல இருந்துச்சு.

4: இலை மேல்நோக்கி மடிஞ்சிருக்கு. அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மினுக்கு, அங்கங்க பழுப்புத் தழும்பு. தாள்ல வைக்கோல் நிறத்துல மெல்லிசா ஏழெட்டு ஓடுச்சு, ஒரு மில்லிமீட்டர் இருக்கும். இந்தப் பை சன்ஷேடுக்கு அடியில இருக்கு, மழையே படாது.

5: இது குட்டையா நின்னுபோச்சு. இலை சின்னது, மேல்நோக்கிக் குவிஞ்சிருக்கு, நரம்பு மஞ்சள். தாள்ல ஒண்ணுமில்ல. அசைச்சா நாலஞ்சு வெள்ளை ஈ பறக்குது.

செந்தில்_நாற்றங்கால் (இரவு 8.10)
அருமையா பார்த்திருக்கீங்கக்கா. இதுல இருந்து பாதி வழி தெரிஞ்சுடுச்சு.

முதல் ரெண்டும் முரணைச் சிலந்தி. கீழ்நோக்கிய வளைவு, எலி வால் மாதிரி நீண்ட காம்பு, நாடா இலை, இது மூணும் சேர்ந்து வந்தா நான் வேற எதையும் யோசிக்க மாட்டேன். தாள்ல ஒண்ணும் விழலைன்னு குழம்பாதீங்க. அது நம்ம கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. கடிகாரம் ரிப்பேர் பண்றவங்க வச்சிருக்கிற பத்து மடங்கு லென்ஸ் கிடைச்சா விரியாத கொழுந்தோட அடிப்பக்கத்தைப் பாருங்க. கண்ணாடி மாதிரி முட்டை ஒட்டியிருக்கும், மேல வெள்ளைப் புள்ளி வரிசையா இருக்கும். அது தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம்.

நாலாவது இலைப்பேன். உங்க தாள்ல ஓடினது அதுதான். சிலந்திக்கு ஈரப்பதமும் மேகமூட்டமும் பிடிக்கும், இலைப்பேனுக்கு வறட்சி பிடிக்கும், மழை பட்டா அடிச்சுக்கிட்டுப் போயிடும். சாரல் படுற பையில சிலந்தி, சன்ஷேடுக்கு அடியில இலைப்பேன். எந்தப் பை எங்க இருக்குன்னு கேட்டது இதுக்குத்தான்.

அஞ்சாவதைப் பத்தி நாளைக்குப் பேசுவோம். அதை மட்டும் இன்னைக்கே மாடியோட இன்னொரு மூலைக்குக் கொண்டு போயிடுங்க.

ரவி_மாடித்தோட்டம் (இரவு 8.40)
அப்போ உரக்கடையில தர்ற இமிடாகுளோப்ரிட் ஒரு தடவை அடிச்சா ரெண்டும் சேர்ந்து போயிடுமே? உறிஞ்சுற பூச்சிக்கு அதைத்தானே எல்லாரும் சொல்றாங்க.

செந்தில்_நாற்றங்கால் (இரவு 9.05)
உறிஞ்சுற பூச்சிக்குன்னு சொன்னது சரி ரவி. ஆனா சிலந்தி பூச்சியே இல்ல, அது எட்டுக்கால் இனம். பூச்சி மருந்து அதைத் தொடாது. அதைத் தின்னுற நல்ல பூச்சிகள் செத்துப்போறதால சிலந்தி இன்னும் பெருகுறதும் உண்டு. ‘மருந்து அடிச்சும் சுருட்டை அதிகமாயிடுச்சு’ன்னு பல பேர் சொல்றதுக்குப் பின்னாடி இதுதான் இருக்கு. அதோட இது பச்சையா கடிச்சுத் தின்னுற காய். நாலு பைக்கு அந்த மருந்து தேவையே இல்ல.

பாக்கியம் அக்கா சொன்ன கரைசல் தொடக்கத்துல பூச்சியை விரட்டி வைக்கும், தப்புச் சொல்லல. ஆனா கொழுந்துக்குள்ள முட்டை வச்சுக் குடும்பமே நடத்துற சிலந்திக்கு அது பத்தாது.

பாக்கியம்_கரூர் (இரவு 9.20)
அதையும் பார்த்துடலாம் தம்பி. எங்க பக்கம் மோர் அடிச்சு நின்னிருக்கு.

செந்தில்_நாற்றங்கால் (ஆகஸ்ட் 10, காலை 6.50)
சரி, வேலைக்கு வருவோம்.

1, 2, 3 மூணுக்கும் கந்தகம். மூணாவது நல்லா இருந்தாலும் பக்கத்துல நின்ன செடி, அதையும் விடக்கூடாது. கடையில ‘நனையும் கந்தகம் 80 சதவீதம்’னு கேளுங்க. பூந்தூளா தூவுற கந்தகம் வேண்டாம், அது தண்ணியில கரையாது. லிட்டருக்கு 2 கிராம். ஸ்பூன் கணக்கு போடாதீங்க, சமையல் தராசுல நிறுங்க. முதல்ல அரை டம்ளர் தண்ணியில கூழ் மாதிரி குழைச்சுட்டு அப்புறம் மீதித் தண்ணியை ஊத்துங்க. அடிக்கும்போது பாட்டிலைக் குலுக்கிக்கிட்டே இருங்க, அடியில தங்கிடும்.

அதுக்கு முன்னாடி பறிக்கிற பதத்துல இருக்கிற காயைப் பறிச்சிடுங்க. ரொம்பச் சுருண்ட நுனியை ரெண்டு மூணு அங்குலம் வெட்டி பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்க. மட்குத் தொட்டியில போடாதீங்க. சிலந்தியில பெரும்பகுதி அந்த நுனியிலதான் இருக்கு, வெட்டினாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

சாயந்தரம் அஞ்சு மணிக்கு மேல, இலையோட அடிப்பக்கத்துல படுற மாதிரி அடிங்க. மூக்குல துணி கட்டிக்குங்க. வீட்ல மூச்சிரைப்பு உள்ளவங்க இருந்தா அந்த நேரம் மாடிக்கு வரவேண்டாம். முட்டையைக் கந்தகம் ஒண்ணும் செய்யாது. அதனால ஆறாவது நாள் மறுபடியும் ஒரு தடவை அடிக்கணும். இந்த ரெண்டாவது தடவையை விட்டுட்டுத்தான் நிறைய பேர் ‘கேக்கல’ன்னு சொல்றாங்க.

நாலாவது செடிக்கு வேப்பெண்ணெய். 5 மில்லி எண்ணெயில 2 மில்லி சோப்புக் கரைசலை விட்டுப் பால் நிறம் வர்ற வரைக்கும் கலக்குங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஒரு லிட்டர் தண்ணி. எண்ணெய் மேல மிதந்தா அடிக்காதீங்க, அந்தச் சொட்டு விழுந்த இடம் கருகும். முதல்ல ஒரு கிளையில மட்டும் அடிச்சு ஒரு நாள் பாருங்க. சரியா இருந்தா முழுச் செடிக்கும், அஞ்சு நாளைக்கு ஒரு தடவையா மூணு தடவை. காலையில குழாய்த் தண்ணியை இலைக்கு அடியில பீய்ச்சுங்க, அதுவே பாதியைக் கீழ தள்ளும். கீழ விழுந்தது மண்ணுல கூட்டுப்புழுவா மாறும். அதனால மேல் மண்ணை ஒரு அங்குலம் கிளறி விடுங்க. ஒரு நீல ஒட்டுப் பொறியும் செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்க.

முக்கியமா ஒண்ணு. கந்தகம் அடிச்ச செடிக்கு ரெண்டு வாரத்துக்கு வேப்பெண்ணெய் கூடாது. எண்ணெய் அடிச்சதுக்குக் கந்தகமும் கூடாது. ரெண்டும் சேர்ந்தா இலை கருகும். ஸ்பிரே பாட்டிலும் வேற வேறயா வச்சுக்குங்க.

வேலூர்_சுகந்தி (காலை 9.15)
கந்தகம் எங்க ஊர்ல மே மாசம் அடிச்சா இலை வெந்து போயிடும். எல்லாருக்கும் பொதுவா சொல்லாதீங்க அண்ணா.

செந்தில்_நாற்றங்கால் (காலை 9.40)
சரியாச் சொன்னீங்க சுகந்தி. பகல் வெயில் 32 டிகிரியைத் தாண்டுற நாள்ல கந்தகம் வேண்டாம். சாயந்தரம் அடிச்சாலும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் இலை மேலதானே இருக்கும். கோவையில இப்போ காத்தும் மேகமும்னு இருக்கிறதால சொன்னேன். மல்லிகாக்கா, அடுத்த ரெண்டு நாள் வெயில் எப்படின்னு போன்ல பார்த்துட்டு அடிங்க. வெயில்கால வேலூருக்கு நுனி வெட்டுறதும் வேப்பெண்ணெயும்தான் வழி. அதையும் சூரியன் இறங்கின பிறகுதான் அடிக்கணும்.

ரவி_மாடித்தோட்டம் (காலை 10.05)
எப்சம் உப்பும் சேர்த்து அடிச்சா இலை சீக்கிரம் விரியாதா?

கயல்_தோட்டக்கலை (காலை 10.30)
விரியாது அண்ணா. எப்சம் உப்பு மக்னீசியம். அது குறைஞ்சா கீழ இருக்கிற பழைய இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சளாகும், கொழுந்து சுருளாது. இங்க பழைய இலை எல்லாம் நல்லா இருக்குன்னு படத்துலயே தெரியுது.

அதோட எல்லாருக்கும் ஒண்ணு: ஒரு தடவை சுருண்ட இலை எந்த மருந்துக்கும் திரும்ப விரியாது. நோய் நின்னுச்சா இல்லையான்னு புதுசா வர்ற கொழுந்தை மட்டும் வச்சுத்தான் சொல்ல முடியும். ரெண்டாவது தடவை அடிச்ச பிறகு வர்ற இலை நேரா, சாதாரணக் காம்போட வந்தா போதும்.

அஞ்சாவது செடி பத்தி செந்தில் அண்ணா என்ன நினைக்கிறீங்க?

செந்தில்_நாற்றங்கால் (பகல் 12.10)
இலைச்சுருட்டை வைரஸ்னுதான் நினைக்கிறேன். மஞ்சள் நரம்பு, குட்டை, வெள்ளை ஈ, நீளாத காம்பு. ரவி முதல்ல சொன்னது இந்த ஒரு செடிக்குப் பொருந்தும், மத்த நாலுக்கும் இல்ல. வைரஸுன்னா மருந்து கிடையாது. நானா இருந்தா சாயந்தரம் கவரால மூடி, அப்படியே வேரோட எடுத்துடுவேன். மூடாம பிடுங்கினா அதுல இருக்கிற வெள்ளை ஈ பறந்து பக்கத்துச் செடிக்குத்தான் போகும்.

கயல்_தோட்டக்கலை (பகல் 12.45)
எனக்கு அவ்வளவு உறுதி இல்ல அண்ணா. இலைப்பேன் தாக்குதல் தொடக்கத்துலயும் இலை மேல்நோக்கிக் குவியும். அவங்க தட்டிப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் சாயந்தரம். முரணைச் சிலந்தி வெள்ளை ஈயோட காலைப் பிடிச்சுக்கிட்டே செடி விட்டுச் செடி போகும், அதனால இதுல ரெண்டும் கலந்திருக்கலாம். இந்த மாதிரி கலந்து வர்றப்ப படத்தைப் பார்த்துப் பிரிக்க முடியாது.

கொசுவலைத் துணியால முழுசா மூடி, பையோட அடியில சேர்த்துக் கட்டிடட்டும். நுனியை வெட்டிட்டு ரெண்டு வாரம் பார்க்கலாம். வலைக்குள்ள புதுசா வர்ற இலையும் மஞ்சள் நரம்போட குவிஞ்சு வந்தா வைரஸ்தான், எடுத்துடலாம்.

செந்தில்_நாற்றங்கால் (பகல் 1.05)
வலை கண்ணு பெருசா இருந்தா வெள்ளை ஈ வெளிய வந்துடும் கயல், சாதாரணக் கொசுவலையை நம்ப முடியாது. மெல்லிய வேட்டித் துணின்னா சரி. இருந்தாலும் ஒரு மிளகாய்ச் செடிக்காக மீதி நாலையும் ரெண்டு வாரம் ஆபத்துல வைக்கிறது எனக்கு ஒத்துவரல. அக்கா, முடிவு உங்களோடது. எப்படின்னாலும் மஞ்சள் ஒட்டுப் பொறி ஒண்ணு அந்த மூலையில வைங்க.

மல்லிகா_வடவள்ளி (ஆகஸ்ட் 17, மாலை 6.20)
தம்பி, கயல், இதுவரைக்கும் நடந்தது இது.

1, 2, 3க்கு 10ஆம் தேதி ஒரு தடவை, நேத்து ஒரு தடவை கந்தகம் அடிச்சாச்சு. 1ல பக்கக் கணுவுல இருந்து புதுக் கொழுந்து ரெண்டு நேரா வந்திருக்கு, படம் 3ல பாருங்க. 2ல வந்த கொழுந்து இன்னும் லேசா கீழ வளைஞ்சிருக்கு. 3ல ஒண்ணுமில்ல. 4ஐத் தட்டிப் பார்த்தேன், தாள்ல ரெண்டுதான் ஓடுச்சு. ஆனா பழைய இலையில ரெண்டு ஓரம் கருகியிருக்கு.

அஞ்சாவதை எடுக்க மனசு வரல. வேட்டித் துணியால கட்டி வச்சிருக்கேன். புது இலை ஒண்ணு வந்திருக்கு. பச்சையாத்தான் இருக்கு, ஆனா சின்னது, லேசா குவிஞ்ச மாதிரி.

செந்தில்_நாற்றங்கால் (மாலை 7.00)
1 தேறிடுச்சு. 2க்கு ஆறு நாள் கழிச்சு இன்னொரு தடவை அடிங்க. இப்போ வளைஞ்சிருக்கிற கொழுந்து முதல் தடவை அடிச்சப்ப உள்ள அரும்பா இருந்தது, அப்பவே கடி வாங்கினது. அதுக்கு அடுத்து வர்றதைப் பாருங்க. அதுவும் வளைஞ்சா அடிப்பக்கத்துல மருந்து படலன்னு அர்த்தம்.

4ல ஓரம் கருகினது எண்ணெய் சரியா கலக்காததால இருக்கலாம், இல்ல வெயில் இறங்கறதுக்கு முன்னாடி அடிச்சிருப்பீங்க. எத்தனை மணிக்கு அடிச்சீங்க?

மல்லிகா_வடவள்ளி (மாலை 7.08)
நாலு மணிக்கு. மழை வர்ற மாதிரி இருந்துச்சேன்னு முந்திக்கிட்டேன்.

செந்தில்_நாற்றங்கால் (மாலை 7.15)
அதுதான். அடுத்தது ஆறு மணிக்கு, எண்ணெயை 3 மில்லியா குறைச்சுக்குங்க. சன்ஷேடுக்கு அடியில இருக்கிறதால மழை கழுவிடும்னு பயப்படவே வேண்டாமே.

கயல்_தோட்டக்கலை (மாலை 7.30)
அஞ்சாவதுல மஞ்சள் நரம்பு இல்லாம இலை வந்திருக்குன்னா பொறுத்துப் பார்க்கலாம் அக்கா. இன்னும் மூணு இலையாவது வரட்டும்.

செந்தில்_நாற்றங்கால் (மாலை 7.42)
ஒரே இலையை வச்சு எனக்கு எதுவும் சொல்ல முடியல. முதல்ல பச்சையா வந்துட்டு அப்புறம் மஞ்சளாகிறதும் உண்டு. துணியை மட்டும் அவிழ்க்காதீங்க, தண்ணி ஊத்தும்போது கூட அடியில கொஞ்சம் தூக்கி ஊத்திட்டு உடனே கட்டிடுங்க.

மல்லிகா_வடவள்ளி (மாலை 7.50)
ஒருவேளை எடுத்துட்டா அந்தப் பை மண்ணைக் கொட்டிடணுமா? புது மண்ணு வாங்குறது சிரமம்.

செந்தில்_நாற்றங்கால் (இரவு 8.05)
கொட்ட வேண்டாம். இந்த வைரஸ் மண்ணுல தங்காது, அதுக்கு உயிருள்ள செடியும் வெள்ளை ஈயும் வேணும். வேரை எடுத்துட்டு, மண்ணை ஒரு தார்ப்பாய்ல பரப்பி, நாலு நாள் நல்ல வெயில்ல கிளறிக் கிளறிக் காயவைங்க. அதுல இலைப்பேன் கூட்டுப்புழு இருந்தாலும் போயிடும். அடுத்து அந்தப் பையில மிளகாயோ தக்காளியோ வைக்காம ஒரு முறை கீரை போடுங்க.

ஹசீனா_நாகூர் (இரவு 8.30)
எலுமிச்சைக்குத் தனி இழை போட்டுட்டேன் அண்ணா. அடிப்பக்கப் படமும் எடுத்திருக்கேன்.